செருப்பைக் கழற்றுவதும் தலையை மூடுவதும்: உள்ளே என்ன நடக்கிறது?

வாசல்படி எழுதியது:

ரொம்ப நாளாக மண்டையில் ஓடும் கேள்வி. என்னுடன் வேலை செய்பவர்கள் பல மதத்துக்காரர்கள். அவர்கள் வீட்டு விசேஷம், பிரார்த்தனை என்று எல்லா வழிபாட்டு இடங்களுக்கும் போய்வந்து குழம்பிக் கிடக்கிறேன். ஓர் இடத்தில் தலையை மூடு என்கிறார்கள், அடுத்த இடத்தில் தொப்பியைக் கழற்று என்கிறார்கள். ஓர் இடத்தில் செருப்போடு படி ஏறினாலே பாவம், இன்னோர் இடத்தில் பளபளக்கிற ஷூவோடு முன்வரிசையில் உட்காருகிறார்கள். யாரைக் கேட்டாலும் "மரியாதை" என்று ஒரே பதில். நேர் எதிரான இரண்டு செய்கை ஒரே மரியாதை எப்படி ஆகும்? சுத்தம் என்றால் செருப்புக்குச் சரி, தலைக்கு என்ன சுத்தம்? அப்புறம் முக்கியமான கேள்வி, இதெல்லாம் மனதுக்குள் ஏதாவது செய்கிறதா, இல்லை ஊரோடு ஒத்து வாழ்வது மட்டும்தானா? "நம்பிக்கை இருந்தால் புரியும்" என்ற வகைப் பதில் வேண்டாம், தயவுசெய்து.

குமரன்2 எழுதியது:

இதில் அறிவியல் இருக்கிறது நண்பரே. உள்ளங்காலில் நரம்பு முனைகள் ஏராளம். வெறுங்காலோடு தரையில் நின்றால் பூமியின் காந்த சக்தி உடம்பில் ஏறும், தலையை மூடினால் அந்தச் சக்தி வெளியே போகாது. நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. உடுப்பும் உடம்பின் நிலையும் மனதை மாற்றும் என்று உளவியலிலும் நிரூபித்துவிட்டார்கள்.

எதிர்க்கட்சி எழுதியது:

அப்போது தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபிக்கிறவர்களின் சக்தியெல்லாம் கூரை வழியாகப் போய்விடுகிறதா குமரன்? கம்பளத்தின் மேல் நிற்கிறவர்களுக்குக் காந்தம் ஏறாதா? உள்ளங்காலில் நரம்பு முனைகள் நிறைய என்பது மட்டும் உண்மை. மிச்சமெல்லாம் வாட்ஸப்பில் வந்தது.

நெய்தல் எழுதியது:

வாசல்படி, நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எதிரெதிரான செய்கை எப்படி ஒரே மரியாதை ஆகும் என்பது ஒன்று, அது உள்ளே ஏதாவது செய்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

இது ரொம்பப் பழைய கேள்வி. ஏறக்குறைய 1,900 வருடங்களுக்கு முன்பே புளூட்டார்க் என்ற கிரேக்கர் ரோமர்களைப் பார்த்து இதையே கேட்டு எழுதிவைத்திருக்கிறார். பெரிய மனிதர் எதிரே வந்தால் தலையில் போர்த்தியிருப்பதை விலக்குகிறார்கள், தெய்வத்தை வணங்கும்போது மட்டும் மூடிக்கொள்கிறார்களே, ஏன்? அவரே பல காரணங்களை அடுக்குகிறார். தெய்வத்தின் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்று ஒன்று. எனக்குப் பிடித்தது இன்னொன்று: வேண்டுதல் நடக்கும்போது வெளியிலிருந்து கெட்ட சகுனமான சத்தம் எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, டோகா என்ற மேலாடையின் ஓரத்தைப் பின்பக்கமிருந்து இழுத்துக் காதுவரை மூடிக்கொள்வார்களாம். பலி கொடுக்கும் இடத்தில் குழல் வாசிப்பவர் ஒருவரை நிறுத்தி வைப்பதும் இதற்காகத்தான், சொல்லும் வேண்டுதலைத் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது. ஆக, பணிவைக் காட்டுகிற அதே துணி கவனம் சிதறாமலும் காக்கிறது. இதைக் கவனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேடிக்கை என்னவென்றால் இதே ரோமர்கள் சாட்டர்ன் போன்ற சில தெய்வங்களைக் கிரேக்க முறைப்படி தலையைத் திறந்து வணங்கினார்கள். ஒரே மனிதன் இன்றைக்கு மூடுகிறான், நாளைக்குத் திறக்கிறான், இரண்டும் பக்திதான். அப்படியானால் மூடுவதிலோ திறப்பதிலோ தன்னளவில் எதுவும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. இவனுக்கு இப்படி, இந்த நேரத்தில் இப்படி என்ற வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது.

பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஆண் தலையை மூடி ஜெபிக்கக் கூடாது, பெண் மூடாமல் ஜெபிக்கக் கூடாது என்று பவுல் எழுதுகிறார். கொரிந்து அப்போது ரோமர்களின் குடியேற்ற நகரம், அங்கே பலியிடும் ஆண் தலையை மூடிக்கொண்டுதான் நின்றிருப்பான். அந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னார் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இராவுத்தர் எழுதியது:

நெய்தல் அம்மா சொன்ன "விலகி நிற்பது" எங்கள் பக்கமும் உண்டு. பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றுவது ஆதியிலிருந்தே கண்டிப்பான விதி என்று பலர் நினைக்கிறார்கள், நம்மவர்களும்தான். அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ், அதாவது நபிகளைப் பற்றிய செய்தி, இருக்கிறது. நபிகள் தொழுவித்துக்கொண்டிருக்கும்போது நடுவிலேயே தம் செருப்பைக் கழற்றி இடப்பக்கம் வைத்தார்கள். பின்னால் நின்ற தோழர்களும் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கழற்றிப் போட்டார்கள். தொழுகை முடிந்ததும் "ஏன் கழற்றினீர்கள்?" என்று கேட்டார்கள். "நீங்கள் கழற்றினீர்கள், நாங்களும் கழற்றினோம்." அதற்கு நபிகள், என் செருப்பில் அசுத்தம் இருப்பதாக வானவர் ஜிப்ரீல் வந்து சொன்னார், அதனால்தான் கழற்றினேன், நீங்கள் பள்ளிவாசலுக்கு வரும்போது செருப்பைப் பாருங்கள், அழுக்கு இருந்தால் தேய்த்துவிட்டு அதிலேயே தொழுங்கள் என்றார்கள். யூதர்கள் செருப்போடு தொழுவதில்லை, நீங்கள் மாறி இருங்கள் என்றும் வேறொரு ஹதீஸ் உண்டு. அப்போது பள்ளிவாசல் தரை மணலும் கூழாங்கல்லும். இன்றைக்குக் கம்பளம், நெற்றியை வைக்கிற இடம், யாரும் செருப்போடு ஏற முடியாது. மூஸாவுக்கு துவா பள்ளத்தாக்கில் "செருப்புகளைக் கழற்று" என்று கட்டளை வந்தது குர்ஆனின் 20ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது, அது அந்த இடத்தின் புனிதத்துக்காக. எங்கள் தினசரி வழக்கம் பெரும்பாலும் சுத்தத்துக்காக. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தலை விஷயம்: ஆண்களுக்குத் தொப்பி இல்லாவிட்டால் தொழுகை கூடாது என்று இல்லை, நல்ல வழக்கம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பெண்கள் தொழும்போது மூடியே ஆகவேண்டும்.

அமுதா எழுதியது:

நடுவில் என் கதையைச் சொல்வதற்கு மன்னிக்கவும். எனக்குச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெறுங்காலோடு எங்கேயும் நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயிலுக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. செருப்புக்குப் பதில் சாக்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா? யாராவது திட்டுவார்களா? போனால் அந்தப் பலன் கிடைக்குமா?

தலைப்பாகை எழுதியது:

அமுதா அக்கா, என் அப்பாவுக்கும் இதே பிரச்சினை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பயப்பட வேண்டியது கல்லும் முள்ளும் மட்டுமில்லை, வெயிலில் காய்ந்த கல் தரைதான் முதல் எதிரி. மற்றவர்கள் சுரீரென்று காலை எடுப்பார்கள், உணர்ச்சி போன பாதம் எடுக்காது. அப்பாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் வந்திருப்பதே தெரிந்தது, அதுவும் தரையில் ஈரமாகத் தடம் விழுந்ததைப் பார்த்து. அது ஆற ரொம்ப நாள் ஆனது. சாக்ஸ் போடுங்கள், தடிமனாக, வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில். காயம் ஆகியிருந்தால் கறை உடனே தெரியும். தையல் உள்பக்கம் உறுத்தாததாகப் பாருங்கள். ஆனால் சூட்டை சாக்ஸ் தடுக்காது, அதனால் அதிகாலையிலோ இருட்டிய பிறகோ போங்கள். வந்ததும் விரல் இடுக்கு உட்பட உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

திட்டுவார்களா என்றால், முன்கூட்டியே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. தெருவில் ஒருபோதும் போடாத, உள்ளே மட்டும் போடுகிற துணிச்செருப்பு ஒன்றைப் பையில் எடுத்துப்போகலாமா என்றும் கேட்டுப்பாருங்கள், சில இடங்களில் சரி என்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள்.

இராவுத்தர் எழுதியது:

பலன் கிடைக்குமா என்று கேட்டீர்களே அம்மா. உங்கள் மார்க்கத்தைப் பற்றி நான் சொல்லக் கூடாது. எங்களிடம் இம்ரான் இப்னு ஹுசைன் என்ற நபித்தோழருக்கு மூல நோய் இருந்தது. எப்படித் தொழுவது என்று நபிகளிடம் கேட்டார். நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்று பதில் வந்தது. நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவைச் செய்ய முடியாதவர் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார், குனிந்து நிற்கிற ருகூவுக்குச் சாய்ப்பதைவிட ஸஜ்தாவுக்குக் கூடுதலாக. உடம்பால் முடிந்த அளவுக்குச் செய்கையைச் சுருக்கச் சொல்கிறார்களே தவிர, விட்டுவிடு, மனதுக்குள் நினைத்துக்கொள் என்று எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. அதில் ஏதோ இருக்கிறது.

குமரன்2 எழுதியது:

காந்த விஷயத்தை விட்டுவிடுவோம். உளவியல் சொன்னேனே, அதை யாரும் தொடவில்லை. 2012இல் ஒரு ஆய்வு வந்தது. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டவர்கள், அது டாக்டர் கோட் என்று சொல்லப்பட்டபோது கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள், அதே கோட்டை பெயின்டர் கோட் என்று சொன்னபோது அப்படி இல்லை. உடுப்பு மனதை மாற்றும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தலையில் துணி போட்டால் பக்தி வரும் என்பதும் இதே கணக்குதானே.

நெய்தல் எழுதியது:

குமரன், அந்தக் கோட் ஆய்வின் ஒரு சோதனையை 2019இல் வேறொரு குழு அதேபோலச் செய்துபார்த்தது, விளைவு வரவில்லை. பேனாவைப் பற்களில் கவ்வினால் முகம் சிரிப்பது போல ஆகும், அப்போது கார்ட்டூன் கூடுதல் வேடிக்கையாகத் தெரியும் என்ற 1988 ஆய்வும் அப்படித்தான். 2016இல் 17 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்தபோது கைக்கு எதுவும் சிக்கவில்லை. அதற்காக உடம்புக்கும் உணர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது, 2022இல் பல நாடுகளில் நடந்த பெரிய சோதனையில் மனதறிந்து சிரிப்பை வரவழைத்தவர்களுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி கூடியது. பேனா கவ்வியவர்களுக்கு அது தெளிவாகவில்லை.

வழிபாட்டுக்கு இதிலிருந்து எடுக்க ஒன்று இருக்கிறது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் உடம்பை ஒரு நிலைக்குத் தள்ளினால் மனம் தானாகப் பின்னால் வரும் என்பதற்குச் சான்று பலவீனம். வழிபாட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லையே. செருப்பைக் கழற்றுகிறவருக்கு ஏன் கழற்றுகிறோம் என்று தெரியும், சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சுற்றிலும் எல்லோரும் அதையே செய்கிறார்கள். ஒரு மணி நேரச் சோதனைக்கூடத்தில் இது அகப்படாது. ஆகவே "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்றும் வேண்டாம், "ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டது" என்றும் வேண்டாம்.

தலைப்பாகை எழுதியது:

ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன். குருத்வாராவில் ஜோடா கர் என்று இருக்கும், காலணிகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் இடம். நான் அங்கே சேவை செய்கிறவன். வருகிறவர்களின் ஷூவைத் துடைத்து வைப்பவர்களும் உண்டு. தவறு செய்தவர்களுக்குச் சீக்கியர்களின் உயர்ந்த பீடமான அகால் தக்த் விதிக்கிற தண்டனைகளில், வழிபட வருகிறவர்களின் காலணிகளைத் துடைப்பதும் ஒன்று, பெரிய அரசியல்வாதிகள்கூட உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள். ஆக எங்களுக்குக் கழற்றுகிறவர் ஒரு பக்கம், அதைக் கையில் வாங்குகிறவர் இன்னொரு பக்கம்.

பக்கத்திலேயே ஒரு கூடையில் ருமால் துணிகள் இருக்கும், தலையில் கட்ட எதுவும் கொண்டுவராதவர்களுக்காக. முதல்முறை வருகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். ஒரு கையில் போன், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஷூ நாடாவை ஒற்றைக் கையால் இழுத்துவிடலாம், குதிகாலை மிதித்துக் கழற்றிவிடலாம். ஆனால் ருமாலை ஒற்றைக் கையால் கட்டவே முடியாது. முக்கோணமாக மடித்து, நெற்றியில் வைத்து, இரண்டு கையையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோய், பார்க்க முடியாத இடத்தில் முடிச்சுப் போட வேண்டும். அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும், போன் பைக்குள் போகும். முடிச்சு நழுவினால் மறுபடியும் முதலிலிருந்து. கட்டி முடித்து நிமிரும்போது ஆள் கொஞ்சம் அடங்கியிருப்பார். ரெடிமேட் தொப்பி மாதிரி தைத்ததை எடுத்து மாட்டிக்கொள்பவர்களிடம் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரிவதில்லை. இது என் அனுமானம்தான்.

எதிர்க்கட்சி எழுதியது:

தலைப்பாகை சொன்னது பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதில் மர்மம் எதுவும் இல்லை. கைக்கு வேலை கொடுத்தால் வாய் மூடும். ஆனால் இதே தர்க்கப்படி தினமும் வருகிறவருக்கு அந்த முடிச்சு தூக்கத்தில்கூட வரும், பேசிக்கொண்டே கட்டுவார். அப்போது எல்லாம் காலி. வாழ்நாள் முழுக்கத் தலைப்பாகையோடு இருக்கிற சீக்கியருக்கும் குல்லாவோடு இருக்கிற யூதருக்கும் உள்ளே நுழையும்போது எந்த மாற்றமும் இல்லையே? நெய்தல் சொன்ன "வேறுபாடு" எங்கே போனது?

நெய்தல் எழுதியது:

எதிர்க்கட்சி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இதற்கு யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதில் ஒரு கதை இருக்கிறது, சப்பாத் என்ற பகுதியின் முடிவுப் பக்கங்களில்.

ரவ் நஹ்மான் பர் இட்ஸ்ஹாக் குழந்தையாக இருந்தபோது, உன் மகன் திருடனாவான் என்று ஜோசியர்கள் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா அவரைத் தலையைத் திறக்கவே விடவில்லை. "தலையை மூடிக்கொள், அப்போதுதான் வானத்தின் அச்சம் உன்மேல் இருக்கும், இரக்கத்துக்காக வேண்டிக்கொள்" என்று சொல்லி வளர்த்தார். ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று பையனுக்குத் தெரியாது. வளர்ந்த பிறகு ஒருநாள் ஒரு பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். போர்வை தலையிலிருந்து சரிந்து விழுந்தது. நிமிர்ந்தார், மரத்தைப் பார்த்தார், ஆசை பீறிட்டது. ஏறிப்போய் ஒரு குலையைப் பல்லாலேயே கடித்து அறுத்துவிட்டார். அது அடுத்தவர் மரம்.

இந்தக் கதையில் வழிபாட்டு இடமே இல்லை பாருங்கள். உள்ளே நுழைகிற வேலையைத் தலைத்துணி செய்யவில்லை. எந்நேரமும் தலைமேல் ஏதோ இருக்கிறது என்ற மெல்லிய உணர்வு, கண்ணை மேலே தூக்க விடாமல் வைத்திருக்கிறது. ரவ் யோஷுவாவின் மகன் ரவ் ஹுனா என்பவர் நான்கு முழத் தூரம்கூடத் தலை திறந்து நடக்கமாட்டாராம், இறைப் பிரசன்னம் என் தலைக்கு மேல் இருக்கிறது என்பாராம். இது வாசலில் செய்கிற செய்கையிலிருந்து வேறு வகை. வாசலில் செய்வது, வேலை மாற்றத்துக்கு மணி அடிப்பது போல. எப்போதும் அணிந்திருப்பது அப்படியில்லை, அதைப் பெரும்பாலும் மறந்துதான் இருப்போம், நழுவும்போதுதான் இருந்தது தெரியும். பழகிப்போவது முதல் வகைக்குக் கெடுதல். இரண்டாவது வகைக்குப் பழகிப்போவதுதான் நோக்கமே.

பழக்கத்தின் நடுவிலும் மணி அடிக்க வழி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கத்தோலிக்க ஆயர் திருப்பலியின் பெரும்பகுதியில் தலையில் சின்ன வட்டக் குல்லாவோடுதான் இருப்பார். நற்கருணை மன்றாட்டு தொடங்கும்போது அதைக் கழற்றிவிடுவார், நற்கருணை வாங்கி முடியும்வரை தலை வெறுமையாக இருக்கும். அடுத்த தடவை கவனியுங்கள், உதவியாளர் ஒருவர் ஓசைப்படாமல் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

வாசல்படி எழுதியது:

இந்த இரண்டு வகைப் பிரிப்பு எனக்கு உதவுகிறது. ஆனால் செருப்பை எப்போதும் கழற்றியே இருப்பதில்லையே, அப்போது அது முழுக்க வாசல் வகைதானா? இன்னொன்று, நான் போகும்போதெல்லாம் வெளியே விட்ட ஷூவைப் பற்றிய நினைப்புத்தான் பாதி நேரம். புது ஷூ என்றால் கேட்கவே வேண்டாம். மனதைத் தயார் செய்வது போய், மனதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

இராவுத்தர் எழுதியது:

தம்பி, இது உங்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. கழற்றினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவாக வைக்காதீர்கள், உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் வையுங்கள், இல்லை அதிலேயே தொழுங்கள் என்றும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பழைய செருப்பில் வாருங்கள், அதைவிட நல்ல மருந்து இல்லை.

நெய்தல் எழுதியது:

வாசல்படி கேட்டதற்கு ஒரு யூதச் சான்று பொருத்தமாக இருக்கிறது. கோஹன் எனும் ஆசாரியர் குலத்தார் சபையின் முன் ஏறி ஆசி கூறும்போது காலணி அணிவதில்லை. எருசலேம் ஆலயம் இடிந்த காலத்து ரபி யோஹனான் பென் ஸக்காய் போட்ட விதி இது. காரணம் என்ன? மோசேயிடம், அதாவது மூஸாவிடம், முட்செடி முன்னால் கடவுள் சொன்னது போலப் புனித பூமி என்றுதான் நாம் நினைப்போம். தல்மூதில் ரவ் அஷி சொல்லும் காரணமே வேறு. சபை முன்னால் நிற்கும்போது செருப்பு வார் அறுந்துவிட்டால் அவர் அதைக் கட்ட உட்காருவார், மற்ற கோஹன்கள் ஆசி கூற இவர் மட்டும் சேராமல் இருப்பதைப் பார்த்து, இவர் விவாகரத்தான பெண்ணுக்குப் பிறந்தவர் போல, அதனால்தான் தகுதி இல்லை என்று ஜனங்கள் பேசுவார்கள். விவாகரத்தான பெண்ணை ஒரு கோஹன் மணந்து பிறந்த பிள்ளைக்கு ஆசி கூறும் தகுதி கிடையாது. ஒரு வார் அறுந்ததற்கு ஒரு குடும்பத்தின் மானம் போகும்.

ரோமரின் காது மூடிய துணி மாதிரிதான் இதுவும். இடையில் வரக்கூடிய தொல்லையை முன்கூட்டியே ஒதுக்குவது. அதனால் நீங்கள் உள்ளே போய் ஷூவை நினைத்துக்கொண்டிருந்தால், கழற்றல் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். டோக்கன் வாங்குவதோ, ராவுத்தர் ஐயா சொன்னபடி பழையதைப் போடுவதோ அற்பமான ஏற்பாடு இல்லை, செய்கையில் அதுவும் சேர்த்தி.

வெறுங்கால் தனியாகவும் ஒன்று செய்கிறது. பழகாத தரையில் கால் கூசும், அடி சின்னதாகும், எங்கே வைக்கிறோம் என்று பார்ப்போம். வேகம் தானாகக் குறையும். எப்போதும் வெறுங்காலில் நடப்பவருக்கு இது நடக்காது, அவருக்கு வாசலில் கழற்ற எதுவுமே இல்லை. அவர் கால் கழுவிக்கொள்வது அந்த வேலையைச் செய்யலாம்.

எதிர்க்கட்சி எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்தை யாரும் பேசவில்லை. விருப்பப்பட்டுச் செய்கிறவரைப் பற்றியே பேசுகிறோம். கட்டாயப்படுத்தினால்? 1670இல் லண்டனில் வில்லியம் பென் என்ற குவேக்கர் மேல் வழக்கு. குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், எந்த மனிதனுக்கும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள், கடவுளிடம் ஜெபிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார்கள். பென்னும் அவருடன் குற்றம் சாட்டப்பட்ட மீடும் நீதிமன்றத்துக்குள் வரும்போது தலையில் தொப்பி இல்லை. நீதிமன்றமே தொப்பியை எடுத்து மாட்டச் சொன்னது, மாட்டிய பிறகு, தொப்பியோடு நின்று அவமதித்தாய் என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டது. அந்தத் தலைக்குள் என்ன மரியாதை தயாராகியிருக்கும்? அதிகாரம் வாங்குகிற மரியாதை வெளியே காட்டுவது மட்டும்தான். வழிபாட்டு இடத்தில் "மூடினால்தான் உள்ளே" என்பதும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

நெய்தல் எழுதியது:

பென் கதை உங்களுக்கு எதிராகவும் பேசுகிறது. செய்கைக்கு உள்ளே எந்தப் பாரமும் இல்லை என்றால் குவேக்கர்கள் ஏன் சிறைக்குப் போகும் அளவுக்கு அடம்பிடித்தார்கள்? கடவுளுக்கென்று ஒதுக்கிய செய்கையை நீதிபதிக்குக் கொடுத்தால் அது தேய்ந்துவிடும் என்று பயந்தார்கள். எல்லோருக்கும் கழற்றினால் கடவுளுக்குக் கழற்றும்போது எதுவும் மிஞ்சாது. கட்டாயம் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பு பெண்கள் முக்காடு போட வேண்டும், ஆண்கள் தலை திறந்திருக்க வேண்டும் என்றது. 1983 தொகுப்பில் அந்த விதியே இல்லை. இன்றைக்கு யாரும் சொல்லாமலே போடுகிறவர்கள் இருக்கிறார்கள், விதி போனது நிம்மதி என்கிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் தங்கள் மனதைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

தலைப்பாகை எழுதியது:

எதிர்க்கட்சி, கூடைக்குப் பக்கத்தில் நிற்பவன் என்ற முறையில் ஒன்று. நம்பிக்கை இல்லாமல் ருமால் கட்டி வருகிறவரிடம் நாங்கள் பக்தியை எதிர்பார்ப்பதில்லை. அவர் கட்டுவது அவர் மனதுக்காக இல்லாவிட்டாலும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கவனம் கலையாமல் இருக்கும். அது போதும் எங்களுக்கு.

எதிர்க்கட்சி எழுதியது:

அதைப் போலவே "உள்ளே இருப்பவர்களின் கவனம் கலையக் கூடாது என்பதற்காகக் கட்டுங்கள்" என்று எழுதி வைத்தால் நான் மறுபேச்சில்லாமல் கட்டுவேன். "மரியாதைக்காக" என்று எழுதியிருக்கும்போதுதான் கை வரமாட்டேன் என்கிறது.

அமுதா எழுதியது:

பொறுப்பில் இருப்பவரிடம் போனில் கேட்டேன். சாக்ஸ் போட்டு வாருங்கள், துணிச்செருப்பு வேண்டாம் என்றார். தலைப்பாகை தம்பி, தையல் உறுத்தாத சாக்ஸ் என்றீர்களே, தையலே இல்லாததாகக் கிடைக்குமா, இல்லை உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டால் போதுமா?

தலைப்பாகை எழுதியது:

சர்க்கரை நோயாளிகளுக்கென்றே தையல் இல்லாமல் வருகிறது அக்கா, கேட்டு வாங்குங்கள். அதுவரை திருப்பியே போடுங்கள், அப்பா அப்படித்தான் போடுகிறார். மேல்பட்டை இறுக்கிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வழவழப்பான தரையில் சாக்ஸ் வழுக்கும், அடியில் ரப்பர் புள்ளி வைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள்.